தகர டப்பாவில் கலந்து கிடக்கும் சீட்டுகள்: ‘வி’ போட்டதெல்லாம் ஜாக்கியா? படம் பார்த்து இனம் பிரிக்க உதவுங்கள்

பெட்டகசாலை

வணக்கம். கானாடுகாத்தானில் எங்கள் பெரிய வீட்டைப் பங்கு பிரிக்கும் முன் சாமான் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறோம். இரண்டாம் கட்டு அறையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறையச் சீட்டுகள் கிடைத்தன. ஒரே கட்டு இல்லை, பல கட்டுகள் கலந்திருக்கின்றன. எங்கள் ஐயா வழியில் சைகோனுக்கும் மேடானுக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் உண்டு என்பதால் எந்த ஊர்ச் சீட்டு எது என்று தெரியவில்லை.

மூன்று படம் போட்டிருக்கிறேன். முதல் படத்தில் எட்டுப் படச் சீட்டுகளை விசிறி மாதிரி விரித்து வைத்திருக்கிறேன், மூலை மட்டும் தெரியும். இடமிருந்து வலம் நான் எழுதியது: இஸ்பேட் ‘ஆர்’, டைமன் ‘டி’, கிளாவர் ‘வி’, ஆட்டின் ‘வி’, இன்னொரு ஆட்டின் ‘வி’, டைமன் ‘வி’, ஆட்டின் ‘எச்’, இஸ்பேட் ‘பி’. இரண்டாம் படத்தில் விரல் அகலத்துக்குக் காகிதப் பட்டைகள், 23 இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் சீன எழுத்து. மூன்றாம் படத்தில் வட்டமாக ஒரே ஒரு சீட்டு, வார்னிஷ் பூசினது போல மினுங்குகிறது, குதிரை மேல் ஒருவர்.

ஒரே மாதிரி ‘ஆட்டின் வி’ இரண்டு இருப்பதால் ஒரே வகைக் கட்டு இரண்டு வாங்கியிருக்கிறார்கள் என்று குறித்து வைத்தேன். சரிதானா?

புதுவயல் ஜோக்கர்

சுலபம்தான். ‘வி’ன்னா பிரெஞ்சுல வாலே, நம்ம ஜாக்கி. ‘ஆர்’ ருவா, ராஜா. ‘டி’ தாம், ராணி. சைகோன் போனவங்க வீட்டுல பிரெஞ்சுச் சீட்டு இருக்கிறது அதிசயமில்ல. ‘பி’ ஜெர்மன் சீட்டு, அவங்க ஜாக்கியை பூபேன்னு சொல்வாங்க. ‘எச்’ வந்து ஹார்ட்டுக்குப் போட்டது, கீழேயே ஆட்டின் இருக்கு பாருங்க. ஆக நாலு ஜாக்கி பிரெஞ்சு, ஒரு ஜாக்கி ஜெர்மன். எழுதிக்கோங்க.

ரம்மி மாமு

தம்பி, இதெல்லாம் காரைக்குடி பழம்பொருள் கடைத் தெருவுல என்ன விலை போகும்? முழுக் கட்டு இல்லாட்டி யாரும் வாங்க மாட்டாங்கன்னு சொல்றாங்களே.

பெட்டகசாலை

விற்க இல்லை மாமா. பட்டியலில் இன்னதென்று எழுதத்தான்.

தேவகோட்டை ஆச்சி

ஜோக்கர் தம்பி சொன்னதில் ‘ஆர்’, ‘டி’ சரி. ‘எச்’ சரியில்லை, அதிலிருந்துதான் மற்றதும் தவறிவிட்டது.

மூலையில் இருக்கும் எழுத்து சீட்டின் பதவியை மட்டும் சொல்லும். இனத்தை எழுத்தால் எழுதவேண்டிய தேவையே இல்லை, அதற்குத்தான் எழுத்துக்கு அடியில் குட்டிச் சின்னம் இருக்கிறது. ஆட்டினுக்கு மேல் ‘எச்’ வந்தது தற்செயல். அந்தக் கட்டில் இஸ்பேட் ராஜாவுக்கும் ‘எச்’தான் இருக்கும். அது டச்சுச் சீட்டு. டச்சில் ராஜா ஹேர், ராணி ஃப்ரௌ, ஜாக்கி பூர். எழுத்தாகப் போடும்போது ‘எச்’, ‘வி’, ‘பி’. ஃப்ரௌ என்று நம் காதில் விழுந்தாலும் எழுதும்போது முதல் எழுத்து ‘வி’.

இப்போது சிக்கல் புரிகிறதா? ‘வி’ பிரெஞ்சுக் கட்டில் ஜாக்கி, டச்சுக் கட்டில் ராணி. மேடான் அன்று டச்சுக்காரர் ஆண்ட சுமத்ராவில், சைகோன் பிரெஞ்சுக்காரர் கையில். இரண்டு ஊர்ச் சாமானும் ஒரே வீட்டுக்கு வந்து சேரும் குடும்பத்தில் இந்தக் குழப்பம் வராமல் இருக்காது. உங்கள் இரண்டு ‘ஆட்டின் வி’யும் ஒரே சீட்டு இல்லை என்றுதான் நான் சொல்வேன். ஒன்று ஜாக்கி, ஒன்று ராணி.

முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்காவது சீட்டில், ஆட்டின் சின்னத்துக்குக் கீழே உருவத்தை ஒட்டி, சிறிய எழுத்தில் ‘லா ஹீ’ என்று தொடங்கி அடுத்த சீட்டுக்கு அடியில் போய்விடுகிறது. அது லா ஹீர். பிரெஞ்சுக் கட்டில் படச் சீட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு, ஆட்டின் ஜாக்கியின் பெயர் அது. ஆக நான்காவது பிரெஞ்சு, ஜாக்கி. சந்தேகமே இல்லை. மற்ற மூன்று ‘வி’க்கும் இப்போதைக்கு எதுவும் எழுதாதீர்கள்.

புதுவயல் ஜோக்கர்

ஆச்சி, அப்ப பெயர் இருந்தா பிரெஞ்சு, இல்லாட்டி டச்சு. முடிஞ்சதில்ல? அஞ்சாவது சீட்டுல பெயர் இல்ல, டைமன்லயும் இல்ல, கிளாவர்லயும் இல்ல. மூணும் ராணி.

தேவகோட்டை ஆச்சி

முதல் பாதி சரி தம்பி. பெயர் இருந்தால் பிரெஞ்சு. பெயர் இல்லாவிட்டால் டச்சு என்று சொல்ல முடியாது.

பெல்ஜியத்தில் டூர்ன்ஹௌட் என்று ஓர் ஊர். உலகத்துக்கே சீட்டு அச்சடித்து அனுப்பிய ஊர், ஆசியாவுக்கு நிறைய ஏற்றுமதி. அங்கிருந்து வந்த ஒரு வகையில் பிரெஞ்சு உருவங்களை ஒட்டியே வரைந்து, அதே ‘ஆர்’, ‘டி’, ‘வி’ எழுத்துகளைப் போட்டு, பெயரை மட்டும் விட்டுவிட்டார்கள். ஆகவே பெயர் இல்லாத ‘வி’ டச்சு ராணியாகவும் இருக்கலாம், பெல்ஜிய ஜாக்கியாகவும் இருக்கலாம்.

மூலையை மட்டும் வைத்து முடிவு சொல்ல வேண்டுமானால் அந்தச் சீட்டின் கூட்டாளிகளைத் தேடவேண்டும். ஒரே முதுகு, ஒரே எழுத்து வடிவம், ஒரே அளவு உள்ள சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். அந்தக் குவியலில் ‘ஆர்’ அல்லது ‘டி’ இருந்தால் அதிலுள்ள ‘வி’ ஜாக்கி. ‘எச்’ இருந்தால் ‘வி’ ராணி. ‘பி’ மட்டும் போதாது. ஜோக்கர் தம்பி சொன்னது போல ஜெர்மன் கட்டிலும் ஜாக்கிக்கு ‘பி’தான், அங்கே ராணி ‘டி’, ராஜா ‘கே’. ஆனால் ஜெர்மன் கட்டில் ‘வி’யே வராது. ‘பி’யும் ‘வி’யும் ஒரே முதுகோடு இருந்தால் அது டச்சு வழிதான்.

ஏஸும் உதவும். பிரெஞ்சுக் கட்டில் ஏஸுக்கு மூலையில் ‘1’ என்று எண்தான் இருக்கும். டச்சுக் கட்டுகள் பலவற்றில் ஏஸின் நடுவே ஊர்க் காட்சி வரைந்திருப்பார்கள், மேலே ஒரு காட்சி, தலைகீழாகக் கீழே ஒன்று. டப்பாவில் அப்படி ஏதாவது கிடக்கிறதா?

இதையெல்லாம்விட நேரான வழி, விசிறியைக் கலைத்துவிட்டு முழுச் சீட்டையும் காட்டுவது. தலையைப் பார்த்தால் போதும். ராணிக்குக் கிரீடமோ முக்காடோ, கழுத்தை ஒட்டிய ஆபரணம், கையில் பெரும்பாலும் பூ. ஜாக்கிக்குத் தொப்பி, பல கட்டுகளில் இறகு செருகியது, கையில் ஈட்டி மாதிரித் தண்டு.

நிழற்படம் காரைக்குடி

முழுச் சீட்டா எடுக்கும்போது ஆத்தங்குடி ஓட்டு மேல வைக்காதீங்க. இப்ப எடுத்த படத்துல ஓட்டுல இருக்கிற பூவும் சீட்டுல இருக்கிற கிளாவரும் ஒண்ணோட ஒண்ணு கலந்து, மூணாவது சீட்டோட விளிம்பே தெரியல. வெள்ளை வேட்டியை நாலா மடிச்சு விரிச்சு அதுமேல வைங்க.

பகல்ல, முற்றத்தை ஒட்டின தாழ்வாரத்துல, நேர் வெயில் படாம. ஃபோனை மேல இருந்து நேராப் பிடிங்க. சாய்ச்சுப் பிடிச்சா சீட்டு ஒரு பக்கம் குறுகும், அப்புறம் அகலம் பார்த்து இது பிரிட்ஜ் அளவா போக்கர் அளவான்னு சொல்லவே முடியாது. ரெண்டுக்கும் உயரம் ஒண்ணுதான், 89 மில்லிமீட்டர். அகலம் பிரிட்ஜுக்கு 57, போக்கருக்கு 63. ஆறு மில்லிமீட்டர் வித்தியாசத்தைச் சாய்ஞ்ச படம் தின்னுடும். பக்கத்துல பள்ளிக்கூட ஸ்கேல் ஒண்ணு வைங்க.

ஒரு படத்துக்குப் பன்னிரண்டு சீட்டு, மூணு வரிசை, வரிசைக்கு நாலு. முகம் எடுத்ததும் ஒவ்வொண்ணையும் இருந்த இடத்துலயே திருப்பி முதுகையும் எடுங்க. மொத்தமா அள்ளிக் கவிழ்த்தா வரிசை மாறிடும்.

ஃபிளாஷ் வேண்டாம். அந்த வட்டச் சீட்டுல மெழுகு மாதிரி ஒரு வெள்ளை வட்டம் விழுந்திருக்கே, அது ஃபிளாஷ்தான். குதிரைக்காரர் கையில என்ன வச்சிருக்கார்னு அதுல மறைஞ்சுபோச்சு.

கீழச்சிவல்பட்டி வளவு

எங்கிட்டயும் ஒரு கட்டு இருக்கு, இதே கேள்விதான். 36 சீட்டு, ஆறுக்குக் கீழ எதுவுமே இல்ல. எழுத்து ‘கே’, ‘பி’, அப்புறம் ‘டி’, இன்னொண்ணு வீட்டுக்குக் கால் வச்ச மாதிரி ஒரு எழுத்து. ‘கே’யும் ‘பி’யும் திரும்பி இருக்கு. எழுத்து வலது மேல் மூலைல இருக்கு. இது ஜெர்மனா? பெரியப்பா மகன் வீடியோ கால்ல காட்டினான், அதுல இருந்து எடுத்த படம்.

நிழற்படம் காரைக்குடி

முன்பக்க கேமரால எடுத்தது, கண்ணாடி மாதிரி இடம் வலம் மாறிடுச்சு. சாதாரணச் சீட்டுல எழுத்து இடது மேல் மூலைலயும் வலது கீழ் மூலைலயும்தான் இருக்கும். உங்க படத்துல வலது மேல வருது, ‘கே’ திரும்பி நிக்குது. நாலு சின்னமும் இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கிறதால சின்னத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, எழுத்தைத்தான் பார்க்கணும். படத்தைத் திருப்பிட்டு மறுபடி பாருங்க.

தேவகோட்டை ஆச்சி

அது ரஷ்யச் சீட்டு. கால் வைத்த வீடு போல இருப்பது அவர்களுடைய ‘ட’ எழுத்து, தாமா, ராணி. ஆங்கில ‘பி’ போல இருப்பது அவர்களுக்கு ‘வ’, வாலேத், ஜாக்கி. ‘கே’ கரோல், ராஜா. நீங்கள் ‘டி’ என்று எழுதியது ஆங்கிலத்தின் பத்தொன்பதாவது எழுத்துக்கு அடுத்தது, கூரை போல மேலே ஒரு கோடும் நடுவில் ஒரு தூணுமாக இருக்குமே, அதுதானே? அது தூஸ், ஏஸ். ஆறிலிருந்து ஏஸ் வரை இனத்துக்கு ஒன்பது, மொத்தம் 36. உங்கள் கட்டில் எதுவும் குறையவில்லை.

கீழச்சிவல்பட்டி வளவு

அதேதான் ஆச்சி, கூரையும் தூணும். முழுக் கட்டுன்னு தெரிஞ்சதே சந்தோஷம்.

ரம்மி மாமு

பெட்டகசாலை தம்பி, இங்கிலீஷ் சீட்டு எத்தனை இருக்கு? 32தான் இருந்தா அதுவும் பிரெஞ்சு ஆட்டத்துக்கு உள்ளதுன்னு எங்கேயோ படிச்சேன். ஏழுலேர்ந்து ஏஸ் வரை.

பெட்டகசாலை

ஆமாம் மாமா, இங்கிலீஷ் எழுத்து உள்ளது 41 சீட்டு. அதில் 32 நல்ல அழுக்கு, மூலை தேய்ந்தது, எல்லாம் ஏழுக்கு மேல். 9 சீட்டு புதுசு போல இருக்கிறது, எல்லாம் சின்ன எண். முதுகு எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

தேவகோட்டை ஆச்சி

மாமு சொல்லும் 32 சீட்டுக் கட்டு பிரான்சில் உண்டுதான். ஆனால் இது அதுவல்ல, இது நம் முந்நூற்றி நாலு.

அந்த ஆட்டத்தில் ரெண்டு முதல் ஆறு வரை எடுத்து ஒதுக்கிவிடுவோம். மிச்சம் எட்டு நாலு முப்பத்திரண்டு. ஜாக்கி 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. வருஷக்கணக்காக ஆடின கட்டில் அந்த 32 மட்டும் கறுத்துப் போகும், ஒதுக்கி வைத்தவை அப்படியே வெளுப்பாக இருக்கும். உங்கள் 9 சீட்டு அந்த இருபதில் மிஞ்சியவை. ஆகவே பட்டியலில் “52 சீட்டு இங்கிலீஷ் கட்டு, 41 உள்ளது, 11 இல்லை” என்று எழுதுங்கள். 32 சீட்டுக் கட்டு என்று எழுதினால் பிழை.

இஸ்பேட் ஏஸைப் பாருங்கள். நடுவில் பெரிதாக அலங்காரச் சின்னமும் கம்பெனிப் பெயரும் இருக்கும். இங்கிலாந்தில் சீட்டுக்கு வரி இருந்த காலத்தில் இஸ்பேட் ஏஸ்தான் வரி கட்டியதற்கு அடையாளம், அந்த வழக்கத்தில் வந்த அலங்காரம் அது. வரியை 1960ல் எடுத்துவிட்டார்கள், அலங்காரம் இன்றும் நிற்கிறது. அதனால் அலங்காரத்தை மட்டும் பார்த்துப் பழையது என்று எழுதாதீர்கள்.

பெட்டகசாலை

நன்றி ஆச்சி. அந்த 41ல் ஒரு சந்தேகம். டைமன் 9 எனக்கு இரண்டு வருகிறது, டைமன் 6 ஒன்றுகூட இல்லை. முதுகு ஒன்றுதான் என்கிறேன், பின் எப்படி 9 இரண்டு? இரண்டுக்கும் மூலை மட்டும்தான் படத்தில் இருக்கிறது, சீட்டைத் தங்கை எடுத்து வைத்துவிட்டாள்.

தேவகோட்டை ஆச்சி

ஒன்று ஆறு. தலைகீழாகப் பார்த்திருக்கிறீர்கள்.

மூலையில் எண் எப்போதும் விளிம்பை ஒட்டி இருக்கும், சின்னம் அதற்கு உள்பக்கம். சீட்டின் கீழ் மூலையைப் படம் பிடித்தால் எண் கீழே, சின்னம் மேலே என்று தெரியும், அப்போது 6 நமக்கு 9 போலத் தெரியும். இஸ்பேட், கிளாவர், ஆட்டின் என்றால் சின்னமே கவிழ்ந்து நின்று காட்டிக்கொடுக்கும். டைமன் கவிழ்ந்தாலும் டைமன்தான், அதனால் இந்தத் தவறு டைமனில் மட்டும் நடக்கும். படத்தில் எண்ணுக்கு மேலே சின்னம் வருகிறதா என்று பாருங்கள்.

சீட்டு கையில் இருந்தால் கேள்வியே இல்லை. ஒன்பதில் நட்ட நடுவில் ஒரு சின்னம் இருக்கும், ஆறில் நடு வெறுமை.

பெட்டகசாலை

ஆமாம், ஒன்றில் சின்னம் மேலே இருக்கிறது. அது 6. தேய்மானமும் இப்போது புரிகிறது, அந்தச் சீட்டு அந்த ஒன்பது புதுச் சீட்டில் ஒன்று.

இரண்டாவது படத்துக்கு வருகிறேன். 23 காகிதப் பட்டைகளையும் நிறம் பார்த்துப் பிரித்தேன். சிவப்பு 7, பச்சை 5, வெள்ளை 11. எழுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். வெள்ளையில் குதிரை போல ஓர் எழுத்து ஆறு தடவை வருகிறது.

தேவகோட்டை ஆச்சி

எழுத்து மட்டும்தானே, ஆள் உருவம் வரையவில்லையே? உருவம் இருந்தால் அது வியட்நாமில் ஆடும் தொ தோம், 120 சீட்டு, வேறு கணக்கு. எழுத்து மட்டும் என்றால் நாலு வண்ணச் சீட்டு. சீனர்களும் ஆடுவார்கள், வியட்நாமில் தூ சாக் என்பார்கள். சைகோனிலிருந்து வந்திருக்க நியாயம் உண்டு.

இதில் இனம் என்பது நிறம் மட்டும்தான். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை. எழுத்து ஏழும் சீனச் சதுரங்கக் காய்கள்: தளபதி, காவலர், யானை, தேர், குதிரை, பீரங்கி, காலாள். ஒவ்வொரு நிறத்திலும் ஒவ்வொரு காயும் நாலு. ஏழு நாலு இருபத்தெட்டு, நாலு நிறத்துக்கு 112.

ஒரே நிறத்தில் ஒரே காய் நாலுக்கு மேல் ஒரு கட்டில் வரவே வராது. உங்களுக்கு வெள்ளைக் குதிரை ஆறு வருகிறது, மஞ்சள் ஒன்றுகூட இல்லை. எதை எதோடு கலந்திருக்கிறீர்கள் என்று இதிலேயே தெரிகிறது. எந்த வெளிச்சத்தில் எடுத்தீர்கள்?

பெட்டகசாலை

இரவில், குண்டு பல்பு வெளிச்சத்தில்.

நிழற்படம் காரைக்குடி

அதுதான் காரணம். குண்டு பல்பு வெளிச்சத்துல வெள்ளைக் காகிதமும் மஞ்சளாத் தெரியும். ஃபோன் அதைத் திருத்தப் பார்க்கும்போது மஞ்சளையும் சேர்த்து வெளுத்துடும். பகல்ல எடுங்க, பக்கத்துல புது வெள்ளைத் தாள் ஒண்ணு வைங்க. பழைய காகிதம் தானாவே பழுத்திருக்கும், அதனால தாளோட ஒப்பிடாதீங்க, பட்டைகளை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடுங்க. ரெண்டையும் அடுத்தடுத்து ஒட்டி வச்சா எது சாயம், எது பழுப்புன்னு தெரியும். விளிம்புல தேய்ஞ்ச இடத்தைப் பார்த்தா சில சமயம் இன்னும் தெளிவாத் தெரியும்.

பெட்டகசாலை

இன்று காலையில் தாழ்வாரத்தில் வேட்டி விரித்து எல்லாவற்றையும் மறுபடி எடுத்தேன். பட்டைகள்: சிவப்பு 7, பச்சை 5, மஞ்சள் 6, வெள்ளை 5. குதிரை மஞ்சளில் 4, வெள்ளையில் 2. எதுவும் நாலைத் தாண்டவில்லை.

படச் சீட்டுகளையும் முதுகு பார்த்துக் குவித்தேன். நீலக் கட்டம் போட்ட முதுகில் இஸ்பேட் ‘ஆர்’, டைமன் ‘டி’, லா ஹீர். ‘ஆர்’ சீட்டில் டாவிட் என்றும் ‘டி’ சீட்டில் ராஷேல் என்றும் இருக்கிறது. சிவப்புக் கொடி போட்ட முதுகில் ஆட்டின் ‘எச்’, இஸ்பேட் ‘பி’, இரண்டாவது ஆட்டின் ‘வி’, டைமன் ‘வி’. அந்த இரண்டு ‘வி’யிலும் பெண் உருவம், கையில் பூ. எண் சீட்டுகளோடு கலந்து ஓர் ஏஸும் கிடைத்தது, மேலும் கீழும் ஆற்றங்கரைக் கட்டடம் வரைந்தது, முதுகு அதே சிவப்புக் கொடி.

தேவகோட்டை ஆச்சி

அழகாகப் பிரிந்துவிட்டது. டாவிட் இஸ்பேட் ராஜா, ராஷேல் டைமன் ராணி, இரண்டும் பிரெஞ்சுக் கட்டில் அவரவர் இடத்தில் இருக்கிறார்கள். நீலக் குவியல் பிரெஞ்சு, சிவப்புக் குவியல் டச்சு, காட்சி ஏஸும் அதையே சொல்கிறது.

நீலக் குவியலில் கிளாவர் ஏஸ் கிடைத்தால் தனியாக எடுத்து வையுங்கள். பிரான்சில் சீட்டுக்கு வரி இருந்த காலத்தில் வரி முத்திரையை அந்தச் சீட்டில்தான் குத்தினார்கள். முத்திரைக்குள் 1890 ஏப்ரல் 12 ஆணை என்று இருந்தால் கட்டு அதற்குப் பிந்தியது. முத்திரை இல்லாவிட்டால் அதை வைத்து எதுவும் சொல்லக்கூடாது.

எட்டில் ஏழுதான் சொன்னீர்கள். கிளாவர் ‘வி’ எங்கே?

பெட்டகசாலை

அது இன்னொரு சீட்டோடு முதுகும் முகமுமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது ஆச்சி, ஈரத்தில் இருந்திருக்கும். மூலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, பெயர் எதுவும் தெரியவில்லை. முதுகில் பச்சைப் புள்ளி. அந்த முதுகோடு வேறு படச் சீட்டு இல்லை, இரண்டு எண் சீட்டுதான். பிரித்துப் பார்க்கட்டுமா?

தேவகோட்டை ஆச்சி

வேண்டாம். இழுத்தால் முகத்தில் உள்ள மை அடுத்த சீட்டின் முதுகோடு போய்விடும், பிறகு அது யாரென்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீர், ஆவி எதுவும் காட்டாதீர்கள்.

‘ஆர்’ ஒன்றோ ‘எச்’ ஒன்றோ பச்சைப் புள்ளி முதுகோடு கிடைத்தால் முடிவாகிவிடும். அதுவரை “கிளாவர் ‘வி’, ராணி அல்லது ஜாக்கி, தனிக் கட்டு” என்று எழுதி வையுங்கள்.

புதுவயல் ஜோக்கர்

கிளாவர் சின்னத்தோட தண்டைப் பார்த்தா தெரியாதா ஆச்சி? லா ஹீர் இருக்கிற கட்டுல தண்டு நேரா இறங்குது, டச்சு கட்டுல அடியில விரிஞ்சு இருக்கு. இதுல விரிஞ்சிருக்கு. டச்சுன்னுதான் எனக்குப் படுது.

தேவகோட்டை ஆச்சி

இந்த டப்பாவில் உள்ள அந்த இரண்டு கட்டுக்கு நீங்கள் பார்த்தது சரி. ஆனால் சின்னத்தின் வளைவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஊருக்கு ஊர் இல்லை. பெல்ஜியக் கட்டில் விரிந்த தண்டு இருக்கக்கூடாது என்று ஒன்றுமில்லை. எனக்கு இது போதவில்லை.

ரம்மி மாமு

அந்த வட்டச் சீட்டு என்ன ஆச்சு? அதுதான் எனக்குப் பார்க்க ஆசை.

பெட்டகசாலை

ஃபிளாஷ் இல்லாமல் எடுத்துப் போட்டிருக்கிறேன் மாமா. பின்னணி செம்மஞ்சள், குதிரை வெள்ளை, மேலே இருப்பவருக்குக் குடை பிடிக்கிறார்கள், கையில் வாள் போல ஏதோ. முதுகு முழுக்க ஒரே சிவப்பு. எண்ணோ எழுத்தோ எங்கும் இல்லை.

தேவகோட்டை ஆச்சி

கஞ்சிஃபா. கையால் தீட்டியது. மைசூர், சாவந்த்வாடி, விஷ்ணுபூர் என்று பல இடங்களில் செய்தார்கள்.

தசாவதாரக் கட்டு என்றால் பத்து அவதாரம், பத்து இனம், இனத்துக்குப் பன்னிரண்டு, மொத்தம் 120. முகலாயக் கட்டு எட்டு இனம், 96. இரண்டிலும் இனத்துக்கு ராஜா ஒன்று, மந்திரி ஒன்று, மிச்சம் ஒன்று முதல் பத்து வரை எண் சீட்டு. மூலையே இல்லாததால் எழுத்துக்கு இடமில்லை, சின்னத்தை எண்ணித்தான் படிக்க வேண்டும். இனத்துக்கு ஒரு பின்னணி நிறம் உண்டு, ஆனால் எந்த நிறம் எந்த இனத்துக்கு என்பது கட்டுக்குக் கட்டு மாறும். செம்மஞ்சளை மட்டும் பார்த்து இனம் சொல்ல முடியாது.

புதுவயல் ஜோக்கர்

ராஜா உட்கார்ந்திருப்பார், மந்திரி குதிரைல வருவார்னு கேள்விப்பட்டிருக்கேன். அப்ப இது மந்திரி.

தேவகோட்டை ஆச்சி

பொதுவாக அப்படித்தான் தம்பி, நல்ல அடையாளம்தான். ஒரே ஓர் இடத்தில் உதவாது. கல்கி அவதாரத்துக்கு வெள்ளைக் குதிரையும் வாளும் உரியவை, அந்த இனத்தில் ராஜா சீட்டிலேயே குதிரை வரும். இந்தச் சீட்டில் வெள்ளைக் குதிரை, வாள், குடை மூன்றும் இருக்கின்றன. வேறு இனத்தின் மந்திரியாகவும் இருக்கலாம், கல்கியாகவும் இருக்கலாம்.

குதிரைக்காரரைச் சுற்றி, விளிம்பை ஒட்டி, சிறிய சின்னம் எதாவது வரைந்திருக்கிறதா? மீன், ஆமை, சங்கு, சக்கரம், கோடரி மாதிரி. மந்திரி சீட்டானால் அவர் எந்த இனத்தவர் என்று காட்ட அப்படி ஒன்று எங்கேனும் இருக்க வேண்டும்.

பெட்டகசாலை

குதிரையின் காலுக்குக் கீழே ஒரு கறுப்புப் பொட்டு இருக்கிறது. வண்ணம் உதிர்ந்ததா வரைந்ததா என்று படத்தில் தெரியவில்லை.

நிழற்படம் காரைக்குடி

ஜன்னல் ஓரத்துல வச்சு, வெளிச்சம் ஒரு பக்கத்துல இருந்து மட்டும் சாய்வா விழற மாதிரி எடுங்க. வண்ணம் உதிர்ந்திருந்தா பள்ளமா நிழல் விழும், மேல தீட்டினதா இருந்தா கொஞ்சம் மேடாத் தெரியும். ஃபோனை ரொம்பக் கிட்டக் கொண்டுபோகாதீங்க, ஒரு சாண் தள்ளி நின்னு பெரிதாக்கி எடுங்க.

பெட்டகசாலை

நாளை காலை வெளிச்சம் வந்ததும் எடுத்துப் போடுகிறேன். டப்பாவின் அடியில் தாள் ஒட்டியிருக்கிறது, அதற்குக் கீழே இன்னும் இரண்டு மூன்று சீட்டு இருப்பது போலத் தட்டுப்படுகிறது. முதுகில் பச்சைப் புள்ளி இருந்தால் முதலில் அதைச் சொல்கிறேன்.